புது சப்ளையர்கள் டேபிளில் செய்யும் தவறுகள்: ருசி சொல்வதும் அலர்ஜிக்குப் பதில் சொல்வதும்

புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் சில நாட்கள் டேபிளுக்கு அனுப்பிவிட்டுத் தள்ளி நின்று கவனிப்பேன். தண்ணீர் வைக்க மறப்பது, டேபிள் நம்பரை மாற்றி எழுதுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

"சூப்பரா இருக்கும் சார்"

இதிலிருந்து வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. என்ன பொருள், எதில் வேக வைத்தது, காரம் எவ்வளவு, எத்தனை பேருக்குப் போதும் என்று நாலு விஷயம் வரவேண்டும். "தேங்காயும் முந்திரியும் அரைத்து விட்ட குருமா சார், காரம் குறைவு, ரெண்டு பேர் சாப்பிடலாம்" என்றால் போதும். முந்திரியை இப்படி முதலிலேயே சொல்லிவிட்டால், அது ஒத்துக்கொள்ளாதவர் அங்கேயே நிறுத்திவிடுவார். பாதி அலர்ஜிப் பிரச்சினை அதிலேயே முடிந்துவிடும்.

காரத்தை உங்கள் நாக்கால் அளக்காதீர்கள்

மாஸ்டரிடம் கேளுங்கள்.

கிச்சனில் தவறான ஆளிடம் தவறான கேள்வி

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கேட்காமல் "இல்லை" என்று சொல்பவனைக்கூடத் திருத்திவிடலாம். கேட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் வந்து நிற்பவனைத் திருத்துவதுதான் கஷ்டம்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஓட்டலில் ஒரு குடும்பம் வந்தது. பையனுக்கு முந்திரி ஆகாது என்று அப்பா தெளிவாகச் சொன்னார். சப்ளையர் பையனும் பொறுப்பாக உள்ளே போய், "மாஸ்டர், பன்னீர் பட்டர் மசாலாவில் முந்திரி போட்டிருக்கா?" என்று கேட்டான். அடுப்பில் நின்றவர், "மேலே ஒண்ணும் போடலை தம்பி, எடுத்துட்டுப் போ" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மேலே தூவவில்லைதான். ஆனால் காலையில் வேறொருவர் தக்காளி, வெங்காயத்தோடு முந்திரியையும் வேக வைத்து, அரைத்து, வடிகட்டி மொத்தமாக கிரேவி எடுத்து வைத்திருந்தார். மதியம் அடுப்பில் நிற்பவருக்கு அது வெறும் "ரெட் கிரேவி". சிவப்பு நிறத்தில் முந்திரி கண்ணுக்கும் தெரியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பையனுக்கு உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ராத்திரி வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

அதனால் ஷிஃப்டுக்குப் பொறுப்பான மாஸ்டரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். "முந்திரி இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. "நாலாம் டேபிளில் ஒரு பையனுக்கு முந்திரி அலர்ஜி" என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் காலையில் அரைத்த கிரேவியில் என்ன இருக்கிறது, தாளித்த நெய்யில் வேறு எதையாவது வறுத்தார்களா, கரண்டியும் தவாவும் தனியா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பாக்கெட் மசாலா, சாஸ் என்றால் லேபிளை எடுத்துப் படியுங்கள். நிலக்கடலை, கொட்டை வகைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சோயா, பசையம் உள்ள தானியம், சல்பைட் ஆகியவை இருந்தால் அதை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவருக்கு "சாம்பார்தானே" என்று ஊற்றிவிடுவது இதனால்தான் ஆபத்து.

மாஸ்டர் சொன்னதை கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டான கே.ஓ.டி.யில் எழுதி, கேட்டவனே தட்டையும் எடுத்துப் போக வேண்டும். கைமாறினால் விஷயம் பாதியில் நின்றுவிடும். மாஸ்டருக்கே சந்தேகம் என்றால், "உறுதியாகச் சொல்ல முடியவில்லை சார், இது வேண்டாம், பதிலுக்கு இதைச் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிடலாம். ஆர்டர் போனால் போகட்டும்.

பொங்கலில் முந்திரியைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது

வறுத்த நெய் உள்ளேயேதான் இருக்கிறது. புதுத் தட்டு வைத்தாலும் அதே பொங்கல்தான். கூடவே கூடாது.

"பால் சேராது" என்றால் ஒரே அர்த்தம் என்று நினைப்பது

சிலருக்குப் பால் செரிக்காது, வயிறு உப்பும். அவர்களில் பலருக்கு நெய் பிரச்சினை தராது. ஆனால் பால் அலர்ஜி உள்ளவருக்கு நெய்யில் ஒட்டியிருக்கும் துளி புரதமே போதும். எது என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

மூச்சு வாங்கும் ஆளை எழுப்பி நடக்க வைப்பது

உதடு வீக்கத்தோடு மூச்சு இழுத்தாலோ, குரல் மாறினாலோ, தலை சுற்றினாலோ உடனே 108க்குப் பேசுங்கள். மூச்சு சிரமமாக இருந்தால் உட்கார்ந்தபடியே இருக்கட்டும். மயக்கம் வருகிறது என்றால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். அவரிடமே அட்ரினலின் ஊசி இருக்கிறதா என்று கேளுங்கள். சிலர் பையில் வைத்திருப்பார்கள். என்ன சாப்பிட்டார், அதில் என்னென்ன இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்புங்கள்.