சாய்விலிருந்து மின்தடை: நேர்கோட்டிலும் வளைகோட்டிலும் அளப்பது எப்படி

ஒரு ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை ஒரு தடவை, மின்னோட்டத்தை ஒரு தடவை அளந்து வகுத்தால் மின்தடை வந்துவிடும். பிறகு எதற்குப் பல அளவீடு, கிராஃப், சாய்வு? 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் 1N4007 டையோடு ஒன்றையும் அளந்தாலே காரணம் தெரிந்துவிடும்.

தேவையானவை: 1.5 வோல்ட் செல் நான்கு, அவற்றை வைக்கும் ஹோல்டர், 0–25 மில்லி ஆம்பியர் காட்டும் முள் மீட்டர் (பள்ளி ஆய்வகங்களில் இருப்பதே போதும்), ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், முதலை கிளிப் வைத்த ஒயர்கள், கிராஃப் தாள். ரெசிஸ்டர்கள்: 4.7 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம், 1 கிலோ ஓம், 680, 470, 330 ஓம். எல்லாம் கால் வாட் போதும்.

மண்டபம், பாம்பன், வாலிநோக்கம் பக்கம் இருப்பவர்கள் தொடங்கும் முன் கிளிப்பின் பற்களைப் பார்த்துவிடுங்கள். உப்புக் காற்றில் பச்சை படிந்திருந்தால் எமரி பேப்பரால் பளபளக்கும்வரை தேய்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஹோல்டரின் ஸ்பிரிங், ரெசிஸ்டரின் கால் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். ஏன் இவ்வளவு கறார் என்பது டையோடில் தெரியும்.

படி 1: நேர்கோடு

செல், மில்லி அம்மீட்டர், 470 ஓம் ரெசிஸ்டர் (மஞ்சள், ஊதா, பழுப்பு) மூன்றையும் தொடராக இணையுங்கள். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, அதன் முனைகளை ரெசிஸ்டரின் கால்கள்மீதே வையுங்கள், கிளிப்மீது அல்ல. அம்மீட்டரை மட்டும் எதற்கும் இணையாகப் போட்டுவிடாதீர்கள். அதன் தடை மிகக் குறைவு, செல்லின் மொத்த ஓட்டமும் அதன் வழியே பாய்ந்து முள் வளைந்துவிடும்.

முதலில் ஒரு செல், பிறகு இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள். இப்படி ஒரு வரிசை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

| வோல்ட் | மில்லி ஆம்பியர் | V/I, ஓம் |
|---|---|---|
| 1.55 | 3.8 | 408 |
| 3.10 | 7.1 | 437 |
| 4.64 | 10.4 | 446 |
| 6.18 | 13.6 | 454 |

ஒரே ரெசிஸ்டருக்கு நான்கு விடை, அதுவும் ஏறிக்கொண்டே போகிறது. கிடை அச்சில் மின்னழுத்தம், செங்குத்து அச்சில் மின்னோட்டம் குறித்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு இழுங்கள். கோட்டை ஆதியின் வழியே வலிந்து இழுக்காதீர்கள். அது செங்குத்து அச்சைத் தொடும் இடம் 0.5 மில்லி ஆம்பியர். அதாவது சுற்றில் எதுவுமே ஓடாதபோதும் மீட்டரின் முள் ஒரு சின்னக் கோடு தள்ளி நிற்கிறது. அந்த 0.5 எல்லா அளவீட்டிலும் சேர்ந்திருக்கிறது. சிறிய ஓட்டத்தில் அதன் பங்கு பெரிது, ஆகவே முதல் விடைதான் அதிகம் கெட்டிருக்கிறது.

சாய்வில் இந்தப் பிழை நிற்காது, கழிக்கும்போதே போய்விடும். கோட்டின்மீது தூரமாக இரண்டு இடம் எடுங்கள். அளந்த புள்ளிகளை அல்ல, கோட்டில் உள்ள புள்ளிகளை. 1.0 வோல்ட்டில் 2.6, 6.0 வோல்ட்டில் 13.2 மில்லி ஆம்பியர்.

```
ΔI = 13.2 - 2.6 = 10.6 mA = 0.0106 A
ΔV = 6.0 - 1.0 = 5.0 V
R = ΔV / ΔI = 472 Ω
```

மின்னோட்டம் செங்குத்து அச்சில் இருப்பதால் சாய்வு என்பது ΔI/ΔV. மின்தடை அதன் தலைகீழ். சாய்வையே மின்தடை என்று எழுதிவிடுவது மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு. அதற்கு அடுத்தது, பாகைமானியை வைத்துக் கோணத்தை அளந்து அதன் டேன்ஜென்ட் எடுப்பது. அச்சின் அளவுகோலை மாற்றினால் கோணம் மாறிவிடும், மின்தடை மாறாது. எண்களை அச்சிலிருந்துதான் படிக்க வேண்டும்.

படி 2: வளைகோடு

இப்போது 470 ஓம் இருந்த இடத்தில் டையோடு. வெள்ளிப் பட்டை உள்ள கால் செல்லின் எதிர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். நான்கு செல்லும் அப்படியே இருக்கட்டும். தொடரில் 4.7 கிலோ ஓமில் தொடங்கி 330 ஓம் வரை ஒவ்வொரு ரெசிஸ்டராக மாற்றினால் ஓட்டம் கூடும். ரெசிஸ்டர் இல்லாமல் டையோடை நேராகச் செல்லில் மாட்டினால் டையோடோ மீட்டரோ போய்விடும். மீட்டர் முள்ளை அதன் திருகைத் திருப்பிப் பூஜ்ஜியத்தில் நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரை 2 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். மில்லி வோல்ட் கணக்கு இங்கே முக்கியம். 1N4007-க்கு எதிர்பார்க்கத்தக்க அளவுகள்:

| வோல்ட் | மில்லி ஆம்பியர் |
|---|---|
| 0.589 | 1.2 |
| 0.624 | 2.5 |
| 0.661 | 5.5 |
| 0.680 | 8.1 |
| 0.697 | 11.6 |
| 0.714 | 16.4 |

மின்னழுத்த அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் எல்லாம் ஒரு மூலையில் நெருங்கிவிடும். 0.55-இல் தொடங்கி ஒரு சென்டிமீட்டருக்கு 0.02 வோல்ட் வைத்தால் வளைவு விரிந்து தெரியும். புள்ளிகளைத் துண்டு துண்டாக ஸ்கேலால் சேர்க்காமல் ஒரே வீச்சில் வளைகோடாக வரையுங்கள்.

10 மில்லி ஆம்பியரில் மின்னழுத்தம் 0.690 வோல்ட். வகுத்தால் 69 ஓம். ஆனால் அந்த இடத்தில் ஓட்டத்தைக் கொஞ்சம் அசைத்தால் மின்னழுத்தம் எவ்வளவு அசையும் என்பதற்கு 69 பதில் சொல்லாது. அதைச் சொல்வது இயங்கு மின்தடை. அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்து, அதன் சாய்வைத் தலைகீழாக்கினால் கிடைப்பது அது.

தொடுகோட்டைக் கண்மதிப்பில் வரைந்தால் சாயும். சின்ன முகக்கண்ணாடித் துண்டு ஒன்றை வளைகோட்டின் குறுக்கே அந்தப் புள்ளியில் நிமிர்த்தி வையுங்கள். கோடும் அதன் பிம்பமும் முறியாமல் ஒன்றாக ஓடும்வரை திருப்புங்கள். அப்போது கண்ணாடியின் விளிம்பு செங்கோடு, அதற்கு 90 பாகையில் இழுப்பது தொடுகோடு. நம் தொடுகோடு 0.666 வோல்ட்டில் 5, 0.714 வோல்ட்டில் 15 மில்லி ஆம்பியரைத் தொடுகிறது:

```
r = 0.048 V / 0.010 A = 4.8 Ω
```

69 எங்கே, 4.8 எங்கே! தொடுகோடு இல்லாமல் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை (8.1, 11.6) வைத்துக் கணக்கிட்டாலும் 0.017/0.0035, அதாவது 4.9 ஓம் வருகிறது. ஆனால் 17 மில்லி வோல்ட்டில் ஒன்றிரண்டு தவறினாலே பத்து சதவீதம் பிசகும். அதற்குப் பயந்து முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேர்த்தால் 8.2 ஓம் வரும். அது வளைவின் சராசரி, 10 மில்லி ஆம்பியரின் மதிப்பு அல்ல.

சிலிக்கான் டையோடின் மின்னழுத்தம் ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 2 மில்லி வோல்ட் குறையும். விரலால் பிடித்துக்கொண்டே அளந்தாலோ, ஜன்னல் வழியே கடற்காற்று விட்டுவிட்டு அடித்தாலோ புள்ளிகள் கோட்டை விட்டு விலகும். டையோடை ஒரு மூடிக்குள் வைத்து, எல்லா அளவீட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

இனி கிளிப் விஷயம். துருவேறிய கிளிப் 2 ஓம் சேர்த்தால் 470 ஓமில் அது தெரியவே தெரியாது. வோல்ட் முனைகளைக் கிளிப்மீது வைத்திருந்தால் டையோடின் 4.8 ஓம் 6.8 ஆகிவிடும். முள் தள்ளி நின்ற பிழையைப்போல இதைச் சாய்வு நீக்காது, ஏனென்றால் இது சாய்வையே மாற்றுகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 2.5 மில்லி ஆம்பியரிலும் ஒரு தொடுகோடு வரையுங்கள். சுமார் 19 ஓம் வர வேண்டும். ஓட்டத்தையும் இயங்கு மின்தடையையும் பெருக்குங்கள்: 2.5 × 19 = 47.5, 10 × 4.8 = 48 மில்லி வோல்ட். அறை வெப்பத்தில் இந்தப் பெருக்கல் 26-க்கும் 52-க்கும் இடையே, இரு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அந்த 2 ஓம் உள்ளே நுழைந்திருந்தால் 2.5-இல் 52.5 என்றும் 10-இல் 68 என்றும் வரும். ஓட்டத்தோடு பெருக்கலும் ஏறினால் டையோடைச் சந்தேகிக்க வேண்டாம், வோல்ட் முனைகளை டையோடின் கால்களுக்கே நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள்.