15 நிமிடம் கேட்டபோது கிடைத்த சந்திப்பு

என்னை அறியாத துறைத் தலைவரைச் சந்திக்க ஒரு மணி நேரம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வரவில்லை. அறிமுகத்தை நீட்டியும் திட்ட அறிக்கையை இணைத்தும் பயனில்லை. அவருடைய செயலாளரிடம் விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது: நீண்ட சந்திப்புக்குத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், 15 நிமிடம் என்றால் இரு கூட்டங்களின் இடைவெளியில் செயலாளரே குறித்துவிடுவார்.

ஆகவே செயலாளருக்கும் நகல் அனுப்பி, தலைவருக்குச் சுருக்கமாக எழுதினேன்: "கிடங்கு மாற்றத்தை இரு கட்டங்களாகப் பிரித்தது ஏன் என்ற ஒரே கேள்விக்காக 15 நிமிடம் வேண்டுகிறேன். செவ்வாய் அல்லது வியாழன் பிற்பகல் வர இயலும். நேரமில்லையெனில் இரு வரிப் பதிலும் போதும்."

மாலையே அழைப்பு வந்தது. தாம் எடுத்த முடிவைப் பற்றிய கேள்வி என்பதால் முன்தயாரிப்பு தேவைப்படவில்லை என்று தலைவரே பின்னர் சொன்னார்.