வெறுமையாக வந்த 80 கிலோமீற்றர்

கிளிநொச்சியில் இருந்து நெல் ஏற்றும் என் லொறி கணக்கில் லாபம் காட்டியது. ஆனால் மாதக்கடைசியில் டயர் மாற்றக் காசு இல்லை.

ஒரு றிப்புக்கு 8 தொன். மாங்குளத்தில் 3 தொன் இறக்கி, மிச்சம் 5 தொன் வவுனியாவுக்குப் போகும். போக 80, வர 80 கிலோமீற்றர். ஒரு தொன்னை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோனால் ஓர் அலகு, அதுதான் தொன்-கிலோமீற்றர். நான் 8ஐ 160ஆல் பெருக்கி 1,280 தொன்-கிலோமீற்றர் என்று எழுதியிருந்தேன். செலவு 29,400 ரூபாய். அலகுக்கு 23 வந்தது. 30 ரூபாய் பேசி ஓடினேன்.

சாரதித் தம்பிதான் கேட்டான்: "அண்ணை, வரேக்கை வெறும் லொறிதானே, அதுக்கும் ஆர் காசு தாறது?"

அன்றிரவு துண்டு துண்டாகப் பிரித்தேன். மாங்குளம் வரை 30 கிலோமீற்றர், 8 தொன்: 240. அதற்கப்பால் 50 கிலோமீற்றர், 5 தொன்: 250. மொத்தம் 490தான். திரும்பும் பயணத்தில் சுமை பூச்சியம், ஆனால் டீசல் எரிகிறது. ஆகவே செலவில் அது முழுதாக நிற்கும், சுமைக் கணக்கில் நிற்காது. 29,400ஐ 490ஆல் வகுத்தால் 60 ரூபாய். ஒவ்வொரு அலகிலும் 30 ரூபாய் கைநட்டம்!

சராசரிச் சுமை 6.5ஐ 80ஆல் பெருக்கினால் 520 வரும். அது குறுக்குவழி, இடையில் இறக்கும் லொறிக்கு நான் நம்புவதில்லை.

வாடகையை இரட்டிப்பாக்கினால் ஆலைக்காரர் வேறு லொறி பிடிப்பார். அதனால் வெறுமையாகத் திரும்பும் 80 கிலோமீற்றருக்கு வவுனியாவில் 4 தொன் உரமூட்டை தேடினேன். 320 கூடி 810 ஆனது. ஏற்றுகூலி, கூடுதல் டீசலோடு செலவு 30,780. இப்போது அலகுக்கு 38. நெல்லுக்கும் உரத்துக்கும் 42 கேட்கிறேன். உரம் கிடைக்காத நாளில் மட்டும் பழைய 60 திரும்பி வருகிறது.