மெரினா மணலில் நின்றபடி கப்பல் விளக்கு படிப்பது எப்படி?

இரவு ஏழு மணிக்கு மேல் மெரினாவில் கடலைப் பார்த்து நின்றால், தூரத்தில் வரிசையாகச் சில வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அதில் எது போகிறது, எது நிற்கிறது, போவது எந்தப் பக்கம் போகிறது என்று அந்த விளக்குகளே சொல்லிவிடும். தேவையானது ஒரு சாதாரண பைனாகுலர், கொஞ்சம் பொறுமை. சாலையோரத்து உயரக் கம்ப விளக்குகள் கண்ணைக் கூசும், அதனால் அவற்றுக்கு முதுகு காட்டி அலை ஓரம் வரை போய்விடுங்கள். கண் இருட்டுக்குப் பழக கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை போனைத் திறக்காதீர்கள்.

முதலில், எந்த விளக்கு எங்கே இருக்கும்

ஓடுகிற கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இடம், வலம் என்பது கப்பலில் முன்னோக்கி நிற்பவரின் கணக்கு. பின்னால், நம் வண்டிக்கு இருப்பது போல ஒரு பின்விளக்கு உண்டு, ஆனால் அது வெள்ளை. இதுபோக மேலே கம்பத்தில் முன்னோக்கி எரியும் வெள்ளை விளக்குகள். இவற்றை மாஸ்ட் விளக்கு என்போம். 50 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பலில் இப்படி இரண்டு கட்டாயம். முன்னது தாழ்வாகவும் பின்னது உயரமாகவும் இருக்க வேண்டும். 1972-ல் உருவான சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் இருக்கும் ஏற்பாடு இது. எல்லா நாட்டுக் கப்பலுக்கும் ஒன்றுதான்.

முக்கியமான சங்கதி, இந்த விளக்குகள் எல்லாத் திசையிலும் தெரியாது. சிவப்பும் பச்சையும் நேர் முன்னாலிருந்து ஆரம்பித்து, தத்தம் பக்கவாட்டைத் தாண்டி கொஞ்சம் பின்னால் வரை, ஆளுக்கு 112.5 டிகிரிதான் தெரியும். மாஸ்ட் விளக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 225 டிகிரி. மிச்சமிருக்கிற 135 டிகிரி பின்விளக்குக்கு. ஆகவே பின்விளக்கு தெரிகிற இடத்தில் நிறமும் தெரியாது, மாஸ்ட் விளக்கும் தெரியாது.

இடமா வலமா

மெரினாவில் கடலைப் பார்த்து நின்றால் இடது கை பக்கம் வடக்கு, துறைமுகமும் காசிமேடும். வலது கை பக்கம் தெற்கு, பெசன்ட் நகர். வடக்கே போகிற கப்பல் தன் இடப்பக்கத்தை நமக்குக் காட்டும், அதாவது சிவப்பு. தெற்கே போவது பச்சையைக் காட்டும். சிவப்பு என்றால் எண்ணூர்ப் பக்கம், பச்சை என்றால் பாண்டிப் பக்கம் என்று நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். கிழக்குக் கடற்கரை முழுவதும் இது பொருந்தும். மும்பையில் நின்று பார்த்தால் தலைகீழ்.

ஆனால் நிறம் தெரிகிற தூரம் கம்மி. பெரிய கப்பலின் பக்க விளக்கு 3 கடல் மைல், சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தெரிந்தால் போதும் என்பதுதான் விதி. மாஸ்ட் விளக்குக்கு அது 6 கடல் மைல். எனவே பல சமயம் வெறும் இரண்டு வெள்ளைப் புள்ளிதான் கிடைக்கும். கவலை வேண்டாம், தாழ்வான புள்ளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கப்பலின் மூக்கு.

வருகிறதா, போகிறதா

இரண்டு வெள்ளைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கையை நீட்டி, சுண்டுவிரலை அதன் மேல் வையுங்கள். இரண்டு விளக்கும் நூறு மீட்டர் தள்ளி இருக்கும் கப்பல் ஐந்து கிலோமீட்டரில் நமக்கு முழுப் பக்கத்தையும் காட்டினால், இடைவெளி ஏறக்குறைய சுண்டுவிரல் அகலம் இருக்கும். அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால் கப்பல் நம் பக்கம் திரும்புகிறது. இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்று, கீழே சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்தால் மூக்கு நேரே நம்மைப் பார்க்கிறது.

சுருங்கினால் அது அப்பால் திரும்புவதாகவும் இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்காது. அப்பால் திரும்புகிற கப்பலின் இடைவெளி பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள்ளேயே சிவப்பும் மாஸ்ட் விளக்குகளும் நம் பார்வையிலிருந்து போய், ஒற்றைப் பின்விளக்கு வந்துவிடும். ஆக, இரண்டு வெள்ளையும் பாதியாக நெருங்கியும் இன்னும் தெரிகிறதென்றால் கப்பல் நம் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

நான் ஏமாந்த கதை

ஒரு மார்கழி இரவு. துறைமுக இழுவைப் படகில் வேலை பார்த்த என் சித்தப்பாவோடு நின்றிருந்தேன். இடது புள்ளி தாழ்வு, வலது புள்ளி உயரம், பைனாகுலரில் மங்கலாகச் சிவப்பு. வடக்கே போகிறது, சரி. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் இடது புள்ளி உயரமாகவும் வலது புள்ளி தாழ்வாகவும் இருந்தன.

"சித்தப்பா, திரும்பிட்டான். தெற்கே போறான்" என்றேன்.

"பச்சை எங்கடா?"

பச்சை இல்லை. சிவப்பும் இல்லை. பதிலாக, நடுவில் மேல்தளம் முழுக்க கல்யாண மண்டபம் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. கப்பல் திரும்பவே இல்லை. துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க நங்கூரம் போட்டிருக்கிறார்கள்.

நங்கூரம் போட்டதும் மாஸ்ட் விளக்கு, பக்க விளக்கு, பின்விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு இரண்டு போடுவார்கள். இதில் முன்னது உயரம், பின்னது தாழ்வு. ஓடும்போது இருந்ததற்கு நேர் எதிர். மூக்கு வடக்கே பார்த்தபடியே இருந்ததால், எனக்கு அது திரும்பியது போலத் தெரிந்தது. 100 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கப்பல் நங்கூரத்தில் மேல்தள விளக்குகளை எரிய விட்டாக வேண்டும் என்பதும் விதி. எனவே இரண்டு வெள்ளையைப் பார்த்ததும் தாழ்வு, உயரம் என்று கணக்குப் போடாதீர்கள். மேல்தளம் எரிகிறதா, புள்ளிகள் நகர்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

நகர்வதைச் சோதிக்க, மணலில் ஒரு குச்சியை நட்டு, நாலடி பின்னால் உட்கார்ந்து, குச்சிக்கு நேராக அந்த விளக்கை வைத்து ஐந்து நிமிடம் தலையை அசைக்காமல் பாருங்கள். ஆனால் நேரே நம்மை நோக்கி வருவதும், நேரே விலகிப் போவதும் குச்சியை விட்டு அசையாது. அங்கே நிறம்தான் உதவும்.

மற்ற படகுகள்

மேலே பச்சை, கீழே வெள்ளை என்றால் இழுவலை போடும் விசைப்படகு. மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்றால் வேறு வலை போடுகிறார்கள். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் துறைமுக பைலட் படகு. பச்சை-வெள்ளையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இங்கே தேடாதீர்கள், மீன்பிடித் தடைக்காலம்.

தொல்லை தருவது ஒற்றை வெள்ளைதான். அது கிழக்கே போகும் கப்பலின் பின்விளக்காக இருக்கலாம், நங்கூரம் போட்ட சின்னப் படகாக இருக்கலாம், நிறம் எட்டாத தூரத்தில் வரும் சின்னக் கப்பலாகவும் இருக்கலாம். அலையோடு சேர்ந்து மறைந்து மறைந்து எரிந்தால், அநேகமாக கரைக்குக் கிட்டே நிற்கும் ஃபைபர் படகு. பத்து நிமிடத்தில் மங்கிக்கொண்டே போனால் பின்விளக்கு. கொஞ்ச நேரத்தில் அதன் கீழே ஒரு நிறம் முளைத்தால், வருகிறது.