ஆடித் திருவிழாவும் கோயில் கரண்ட் பில்லும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கத்துத் தெருக்களில் ஆடி மாதம் அம்மன் கோயில்கள் ஜொலிக்கும். திருவிழா முடிந்து வரும் பில்லைப் பார்த்துவிட்டு நிர்வாகிகள் குழம்புவதும் வழக்கமாகிவிட்டது. பில் எகிறுவதற்கு மீட்டரைக் குறை சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு இடத்தில் இருக்கும்: கோயில் சர்வீஸில் கோயில் அல்லாத ஒன்று ஓடியிருக்கும், அல்லது விளக்கு போடுவதற்கு முன் யாரும் வாட் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கோயில் லைனில் ஹாலை ஓட்டுவது

பொதுமக்கள் வழிபடும் இடத்துக்கு மின் கட்டணப் பட்டியலில் தனிப் பிரிவு உண்டு: எல்.டி. எனப்படும் தாழ்வழுத்தப் பிரிவுகளில் 2-சி. வாடகைக்கு விடும் மண்டபம், சமுதாயக் கூடம், கல்யாண ஹால் எல்லாம் எல்.டி. 5, அதாவது வணிகப் பிரிவு. அறங்காவலர் ஒருவரே, வளாகம் ஒன்றே, வாடகைப் பணமும் அம்மனுக்கே போகிறது என்பதெல்லாம் இங்கே எடுபடாது. அந்த இடத்தில் மின்சாரம் எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்துத்தான் பிரிவு முடிவாகிறது.

சிறிய கோயில்களில் இது நடக்கும் விதம் ஒன்றுதான். பக்கத்தில் ஒரு ஹால் கட்டுவார்கள். வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் விடுவார்கள். புது சர்வீஸுக்கு அலைய வேண்டாம் என்று கோயில் மெயின் போர்டிலிருந்தே ஒரு கேபிளை இழுத்துவிடுவார்கள். அதன்பின் ஹாலில் ஓடும் மின்விசிறி, கிரைண்டர், ஏசி எல்லாமே கோயில் கட்டணத்தில் ஓடும்.

ஆய்வுக்கு வருபவர்கள் இதைக் கண்டால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவைக் கையில் எடுப்பார்கள். அனுமதித்த நோக்கத்துக்கு அல்லாமல், அல்லது அனுமதித்த இடத்துக்கு வெளியே மின்சாரத்தைப் பயன்படுத்துவது அங்கீகாரமற்ற பயன்பாடு என்கிறது அது. பொருந்தும் பிரிவின் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு மதிப்பிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள்.

எளிய கணக்காகப் பார்ப்போம். ஹால் மாதம் 150 யூனிட் இழுக்கிறது; வணிகக் கட்டணம் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 மாதத்துக்கு 1,800 யூனிட், இரண்டு மடங்கில் 36,000 ரூபாய். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹாலுக்குத் தனி மீட்டர் இல்லாததால் எது கோயில் யூனிட், எது ஹால் யூனிட் என்று உங்களால் நிரூபிக்க முடியாது. முழு ரீடிங்கையும் வணிகக் கணக்கில் சேர்த்தால் மறுத்துப் பேசக் கையில் ஆதாரம் இருக்காது.

முதலில் வருவது தற்காலிக மதிப்பீட்டு ஆணை. அதற்குத் தாமதிக்காமல் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். பலர் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசிவிட்டு வந்துவிடுவார்கள்; பேசியது பதிவாகாது. இறுதி ஆணைக்குப் பிறகு 127-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய 30 நாள் இருக்கிறது, ஆனால் மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். ஆகவே முதல் ஆட்சேபத்தைச் சரியாக எழுதுவதே முக்கியம்: ஹால் எந்தத் தேதிகளில் வாடகைக்குப் போனது என்ற பதிவேடு, அங்கே உள்ள சாதனங்களின் வாட் பட்டியல், இரண்டையும் இணைத்துக் கொடுங்கள்.

ஹாலுக்கு எல்.டி. 5-இல் தனி சர்வீஸ் வாங்குவதே தீர்வு. ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பிரிவில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை ஒரு விலை. 100-ஐத் தாண்டினால் மிகுதிக்கு மட்டுமல்ல, எல்லா யூனிட்டுக்குமே கூடுதல் விலை. எப்போதாவது திறக்கும் சிறிய ஹால் 95 யூனிட்டில் நின்றுகொண்டிருக்கும். திருவிழாவுக்கு அன்னதானக் கிரைண்டரை அங்கே மாட்டினால் 110 ஆகும், பில் அதற்குப் பொருத்தமில்லாமல் தாவும்.

‘ஜீரோ வாட்’ பல்பை நம்புவது

பந்தல்காரர் கொண்டுவரும் கலர் பல்புகளை ஜீரோ வாட் என்பார்கள். ஒரு பல்பு உண்மையில் 12 முதல் 15 வாட் இழுக்கும். ஒன்றிரண்டு எரிந்தால் தெரியாது. கோபுரத்தைச் சுற்றி 300 போட்டால் 4.5 கிலோவாட்.

ஒரு கோயிலை எடுத்துக்கொள்வோம். அனுமதித்த லோடு 2 கிலோவாட், ஒற்றை பேஸ். அன்றாடம் மாலையில் எரியும் விளக்கும் மின்விசிறியும் சேர்ந்து 0.4 கிலோவாட்டுக்குள். திருவிழா பத்து நாள், மாலை 6 முதல் இரவு 1 வரை, தினம் 7 மணி நேரம். பழைய பாணியில் 300 கலர் பல்பு 4.5 கிலோவாட், நான்கு 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு சோக்கோடு சேர்த்து ஏறக்குறைய 1.7, மைக் செட் சராசரியாக 0.3. மொத்தம் 6.5 கிலோவாட். பத்து நாளில் 455 யூனிட்.

இதையே எல்.இ.டி. சீரியலில் செய்தால்: 60 சரம், சரத்துக்கு 8 வாட் என்றால் 0.48 கிலோவாட். நான்கு 150 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் 0.6. மைக் செட் அதே 0.3. மொத்தம் 1.38 கிலோவாட், பத்து நாளில் 97 யூனிட் மட்டுமே.

யூனிட் வித்தியாசம் எல்லோருக்கும் புரியும். லோடுதான் கண்ணில் படாது. முதல் வகையில், அன்றாட விளக்கையும் சேர்த்தால், 6.9 கிலோவாட், அதாவது ஒரே பேஸில் 30 ஆம்பியர். 2 கிலோவாட் சர்வீஸில் இது மூன்று மடங்குக்கும் மேல். எம்சிபி விழும். அப்போது ஒருவர் பெரிய எம்சிபி மாட்டுவார், அல்லது ஃபியூஸில் தடித்த கம்பியைக் கட்டுவார். கொஞ்ச நேரத்தில் மீட்டர் முனைகள் சூடேறும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். கருகிய மீட்டருக்கான தொகை கோயில் தலையில்தான் விழும்.

எல்.இ.டி. வகையில் 0.4-ஐயும் சேர்த்து 1.8 கிலோவாட், அனுமதிக்குள் நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரைப் போட்டால் அது மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும், 2-ஐத் தாண்டிவிடும். மோட்டாரைக் காலையிலேயே ஓட்டித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். இன்றைய மின்னணு மீட்டர்கள் யூனிட்டோடு, எட்டிய அதிகபட்ச டிமாண்டையும் பதிவு செய்யக்கூடியவை. அனுமதித்த லோடைவிட அதிகம் எடுத்தது தெரிந்தால் கூடுதல் லோடுக்குப் பணம் கட்டச் சொல்லலாம்.

இதற்காக நிரந்தர லோடை 8 கிலோவாட்டாக உயர்த்திக்கொள்வதும் தவறுதான். 4 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று பேஸ் சர்வீஸ் தேவைப்படும். நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில் வருவது. கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்று கொண்டாலும் 6 கிலோவாட் கூடுதலுக்கு வருடம் 7,200 ரூபாய், பத்து நாள் வெளிச்சத்துக்காக.

தெருக்கம்பமும் பக்கத்து வீடும்

கம்பத்துக் கம்பியிலோ பில்லர் பாக்ஸிலோ கொக்கி போடுவது 135-ஆம் பிரிவில் மின் திருட்டு. திருவிழா என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. மழைத் தூறலில் நனையும் பந்தல் கம்பிக்கு அந்த இணைப்பில் காப்பே இல்லை என்பதையாவது நினைத்துப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு லைனில் மாட்டுவதைப் பலர் குற்றமாகவே எண்ணுவதில்லை. அந்த வீடு 2-சி அல்ல, வீட்டுப் பிரிவு. வீட்டுக்குக் கொடுத்த மின்சாரம் கோயில் பந்தலுக்குப் போவதும் 126-க்குள் வரும், நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயரில் வரும். அது இல்லாவிட்டாலும் அவருக்கு நஷ்டம்தான். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 யூனிட் வரை குறைந்த விலை கிடைக்கும். சீரியல் லைட்டால் 510 ஆகிவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும். ‘எரிஞ்ச யூனிட்டுக்குக் காசு குடுத்துடுறோம் அண்ணே’ என்று கோயிலார் சொல்லும்போது இந்த இழப்பு கணக்கில் வராது.

தற்காலிக இணைப்பை எப்படிக் கேட்பது

எல்.இ.டி.க்கு மாறியும் லோடு அனுமதியைத் தாண்டுகிறது, அல்லது அலங்காரம் கோயில் எல்லைக்கு வெளியே தெரு முழுக்கப் போகிறது என்றால் தற்காலிக சர்வீஸ் வாங்க வேண்டும். தற்காலிகப் பயன்பாடு, கட்டுமானம், ஆடம்பர ஒளியலங்காரம் மூன்றும் எல்.டி. 6-இல் வரும். தாழ்வழுத்தப் பிரிவுகளிலேயே யூனிட் விலை அதிகமானது இது. அதனால் இதில் எல்.இ.டி. மட்டும் போடுங்கள்.

காப்புக் கட்டுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். சாதனம், எண்ணிக்கை, வாட், எரியும் நேரம், தொடக்க நாள், முடிவு நாள் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். கோயில் எல்லைக்குள் போடும் விளக்கு எந்தப் பிரிவில் கணக்காகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கட்டி, தனி மீட்டர் பொருத்துவார்கள். பொருத்திய அன்றே ரீடிங்கைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மறப்பது கடைசி வேலை. விழா முடிந்ததும் துண்டிக்கக் கோரி எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். சும்மா ஒயரைக் கழற்றிவிட்டால் சர்வீஸ் கணக்கில் உயிரோடு இருக்கும், நிலைக்கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும், முன்பணமும் திரும்பாது. கும்பாபிஷேகத் திருப்பணிக்கு வாங்கிய கட்டுமான இணைப்பை மாற்றாமல் வருடக்கணக்கில் எல்.டி. 6-லேயே விளக்கேற்றிக்கொண்டிருக்கும் கோயில்களும் இதே தவறைத்தான் செய்கின்றன.

பில்லைப் போன வருடத்தோடு ஒப்பிடுவது

2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் கட்டண மாற்றம் ஜூலை 1 முதல் வந்தது. ஆடி பிறப்பது ஜூலை நடுவில். அதனால் போன வருட ஆடித் தொகையோடு ரூபாயை ஒப்பிட்டால் எதுவும் விளங்காது, யூனிட்டை ஒப்பிடுங்கள். கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் ஆடியும் ஆவணியில் வரும் விநாயகர் சதுர்த்தியும் ஒரே பில்லில் விழலாம்.

கொடி ஏற்றும் அன்று காலையிலும் விழா முடிந்த மறுநாளும் மீட்டரைப் படம் எடுங்கள். மேலே சொன்ன எல்.இ.டி. கணக்கில் கூடுதல் 97 யூனிட். அன்றாட விளக்கும் மின்விசிறியும் இழுத்ததைக் கழித்த பிறகும் மீட்டர் 110 காட்டினால் யாரோ சில மணி நேரம் அதிகம் எரித்திருக்கிறார்கள். 250 காட்டினால் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று அந்த லைனில் மாட்டியிருக்கிறது. அன்னதானக் கொட்டகையையும் ஐஸ் பெட்டியோடு நிற்கும் கடைகளையும் முதலில் பாருங்கள். பட்டியலும் மீட்டரும் ஒத்துப்போய், பில்லில் உள்ள யூனிட் மட்டும் வேறாக இருந்தால் இரண்டு படங்களையும் 01 என்று தொடங்கும் உங்கள் மின் இணைப்பு எண்ணையும் சேர்த்துப் பிரிவு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம். அங்கும் அதே படங்கள்தான் சாட்சி.