"வருந்திக் கூட்டிக்கொண்டுவா": லூக்கா 14:23இன் வாசிப்பு வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் சுவிசேஷக் கூட்டங்களுக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு லூக்கா 14:23 நன்றாகத் தெரிந்த வசனம். ஒருவர் பெரிய விருந்து வைக்கிறார். அழைக்கப்பட்டவர்கள் வயல் வாங்கினேன், மாடு வாங்கினேன், கலியாணம் முடித்தேன் என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லிவிட்டு வராமல் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் கூட்டிவரச் சொல்கிறார். அப்புறமும் இடம் இருக்கிறது. உடனே வேலைக்காரனைப் பெருவழிகளுக்கும் வேலியோரங்களுக்கும் அனுப்பி, அங்கே இருப்பவர்களை "வருந்திக் கூட்டிக்கொண்டுவா" என்கிறார். நம்முடைய சபைகளில் இது ஊழியத்துக்குப் புறப்பட அழைக்கும் வசனம். இதே வசனத்தைக் காட்டித்தான் 5ஆம் நூற்றாண்டில் அபராதத்தையும் சொத்துப் பறிப்பையும் நியாயப்படுத்தினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஓர் அரசன் தன் குடிகளை மதம் மாற வைத்ததற்கும் இது துணைக்கு வந்தது.

வேதாகமப் படிப்புக் குழுக்களிலும் ஒப்படைகளிலும் இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் தகவல்களில் அதிகம் பிழைவிடுவதில்லை. அவற்றை எந்த ஒழுங்கில் கோக்கிறார்கள் என்பதில்தான் பிழை வருகிறது.

வசனம் செயலைப் பிறப்பித்தது என்று எழுதுவது

மிகப் பெரிய தவறு இது. "புனித அகுஸ்தீன் லூக்கா 14:23ஐ வாசித்து, பிரிந்துபோனவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்ற முடிவுக்கு வந்தார்" என்ற வாக்கியத்தைப் பல கட்டுரைகளில் பார்க்கலாம். அகுஸ்தீனே இதை மறுத்து எழுதியிருக்கிறார்.

வட ஆபிரிக்கத் திருச்சபை 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிளந்துவிட்டது. உரோமப் பேரரசன் தியோக்கிளேசியனின் துன்புறுத்தலில் வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் நடத்தும் அருட்சாதனங்கள் செல்லுமா என்பதில் தொடங்கிய சண்டை அது. செல்லாது என்றவர்கள் டொனாத்திஸ்டுகள் எனப்பட்டார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், பல ஊர்களில் அவர்களே பெரும்பான்மை. அகுஸ்தீன் ஆயராக இருந்த ஹிப்போ, இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா நகரம். அங்கேயும் அவர்கள் பலமாக இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்த சில கும்பல்கள் கத்தோலிக்கக் குருக்களை அடித்துக் காயப்படுத்தியதும் உண்டு. 405இல் பேரரசன் ஹொனோரியுஸ் டொனாத்திஸ்டுகளுக்கு எதிராக ஆணை பிறப்பித்தான். அவர்களுடைய கோயில்கள் பறிபோயின, தண்டனைகள் வந்தன.

சுமார் 408இல் வின்சென்சியுஸ் என்ற ஆயருக்கு அகுஸ்தீன் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அவருடைய கடிதங்களின் வரிசையில் அது 93ஆவது. யாரையும் வற்புறுத்தித் திருச்சபைக்குள் கொண்டுவரக்கூடாது, பேசியும் வாதிட்டும்தான் வெல்ல வேண்டும் என்பதே தன் பழைய கருத்து என்று அதில் சொல்கிறார். அந்தக் கருத்தை மாற்றியது எதிர்த்தவர்களின் வாதங்கள் அல்ல, கண்முன் நடந்த உதாரணங்கள் என்கிறார். முதல் உதாரணமாகத் தன் சொந்த ஊரையே காட்டுகிறார். முழுக்க டொனாத்திஸ்டுகள் பக்கம் நின்ற ஊர், அரசாணைக்குப் பயந்து கத்தோலிக்கப் பக்கம் வந்ததாம். பிறகு அந்தப் பழைய பிரிவை மனதார வெறுத்ததாம்.

அப்படியானால் லூக்கா 14:23 எங்கே வருகிறது? அதே கடிதத்தில்தான், ஆனால் பதில் சொல்லும் இடத்தில். நீதிக்குள் வர யாரையும் வற்புறுத்தக்கூடாது என்கிறீர்களே, வீட்டுக்காரர் வேலைக்காரரிடம் சொன்னதை வாசிக்கவில்லையா என்று கேட்கிறார். 417இல் போனிபாசியுஸ் என்ற படை அதிகாரிக்கு எழுதிய 185ஆவது கடிதத்தில் இன்னும் ஒரு படி போகிறார். பெருவழியும் வேலியும் பிரிவினைகளையும் தப்பறைகளையும் குறிக்கின்றன என்று அங்கே விளக்குகிறார். முதலில் மென்மையாக அழைக்கப்பட்டவர்கள் ஒரு வகை, பிறகு வற்புறுத்தப்பட்டவர்கள் இன்னொரு வகை என்று உவமையை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பங்கை டொனாத்திஸ்டுகளுக்குக் கொடுக்கிறார். அவருடைய இலத்தீன் வேதாகமத்தில் அந்த இடத்தில் நேரடியாகவே கட்டாயப்படுத்தச் சொல்லியிருந்தது. நம் தமிழ் வேதாகமத்தை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தால் அவர் எதைப் பிடித்துக்கொண்டார் என்பது புலப்படாது.

ஆக ஒழுங்கு இப்படி: அரசாணை, ஊர் மாறியது, அவர் மனம் மாறியது, அப்புறம் வசனம். கட்டுரை எழுதுகிறவர் இந்த நான்கையும் ஆண்டுகளோடு ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். வசனம் செயலுக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்று அறிய, அந்த வசனத்தைக் காட்டியவரின் சொந்தச் சாட்சியத்தைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் "இந்தச் செயலுக்கு இந்த வசனம் நியாயமாகச் சொல்லப்பட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது பலவீனமான வாக்கியம் இல்லை, சரியான வாக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகுஸ்தீன் மரண தண்டனையை எதிர்த்தார். தன் குருக்களைத் தாக்கியவர்களைக் கொல்ல வேண்டாம் என்று மார்செலினுஸ் என்ற அதிகாரிக்கு மன்றாடி எழுதினார். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். இதைச் சொல்வதால் அபராதமும் பறிமுதலும் இல்லாமல் போய்விடாது என்பதையும் மறக்கக்கூடாது.

மேற்கோள் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாராமல் எடுப்பது

13ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது கத்தோலிக்க இறையியலாளர் தோமஸ் அக்குவைனஸின் இறையியல் தொகுப்பை எல்லாரும் எடுப்பார்கள். நம்பாதவர்களை விசுவாசத்துக்குள் வரும்படி கட்டாயப்படுத்தலாமா என்று ஒரு கேள்வி அதில் இருக்கிறது. அங்கே லூக்கா 14:23ஐக் காட்டி, ஆகவே சிலரைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று ஒரு பத்தி வருகிறது. அந்தப் பத்தியைப் பெயர்த்தெடுத்து "அக்குவைனஸின் கருத்து" என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்த நூலின் அமைப்பு தெரிந்தால் இப்படி எழுத மாட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் ஒரு பக்கத்து வாதங்கள் வரும். அடுத்து அவற்றுக்கு எதிராக ஒரு சான்று வரும். அதற்குப் பிறகுதான் "நான் சொல்லும் பதில்" என்று ஆசிரியர் வாய் திறப்பார். நம் வசனம் நிற்பது இரண்டாவது இடத்தில். அவருடைய பதில் அந்த வசனத்தைப் பாதியாக வெட்டுகிறது. ஒருபோதும் விசுவாசத்தை ஏற்காத யூதர்களையும் புறமதத்தாரையும் கட்டாயப்படுத்தவே கூடாது, ஏனென்றால் விசுவாசிப்பது மனவிருப்பத்தின் செயல் என்கிறார். ஒருமுறை ஏற்று வாக்குக் கொடுத்துவிட்டு விலகியவர்களை, வாக்கை நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்தலாம் என்கிறார். அடுத்த கேள்வியில், பிடிவாதமான தப்பறைக்காரர்களை அரசின் கையில் மரணத்துக்கு ஒப்படைப்பதையும் ஏற்கிறார். அகுஸ்தீன் தயங்கி நின்ற எல்லையை இவர் தாண்டிவிட்டார். யூதர், புறமதத்தார் விஷயத்தில் மட்டும் வாசலை மூடினார். ஒரே மனிதரிடம் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் எழுத வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு ஒரே குரல் என்று நினைப்பது

1685 ஒக்டோபரில் பிரான்ஸ் அரசன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்தருக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த 1598ஆம் ஆண்டின் நாந்த் அரசாணையை இரத்துச் செய்தான். அந்த ஆண்டிலேயே அகுஸ்தீனின் அந்த இரண்டு கடிதங்களும் பிரெஞ்சில் ஒரு நூலாகப் பாரிஸில் வெளிவந்தன. ஆபிரிக்கத் திருச்சபை டொனாத்திஸ்டுகளிடம் நடந்ததுபோலத்தான் பிரான்ஸ் திருச்சபையும் நடக்கிறது என்று காட்டுவதே நோக்கம். கிட்டத்தட்ட 1,270 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதங்கள் ஓர் அரசனின் கைக்கு ஆயுதமாக வந்துவிட்டன.

அடுத்த ஆண்டே, 1686இல், இதே வசனத்தைத் தலைப்பிலேயே வைத்து ஒரு மறுப்பு நூல் வெளியானது. எழுதியவர் பியேர் பெய்ல், ஒல்லாந்தின் ரொட்டர்டாமில் அகதியாக வாழ்ந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர். அவருடைய அண்ணன் மதத்தின் பொருட்டுச் சிறை வைக்கப்பட்டு 1685 நவம்பரில் சிறையிலேயே இறந்திருந்தார். நூலை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததாகப் பொய்ப் பெயரில் வெளியிட்டார். குற்றம் செய்யும்படி நம்மைக் கட்டாயப்படுத்துகிற எந்த நேர்ப்பொருளும் பொய்யான பொருள் என்பதே அவர் வாதத்தின் வேர். உண்மை என் பக்கம் என்று நம்புகிறவருக்கு வற்புறுத்தும் உரிமை உண்டென்றால், எல்லா மதத்தாரும் தங்களுக்கும் அதே உரிமை உண்டென்று நம்புவார்கள் என்றும் வாதிட்டார்.

இங்கே பலர் "17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர் வற்புறுத்தினர், புரட்டஸ்தாந்தர் சகிப்பைப் போதித்தனர்" என்று முடித்துவிடுவார்கள். பெய்லை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் பியேர் ஜூரியூ. அவரும் அதே ரொட்டர்டாமில் இருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்த அகதிதான். மத விடயத்தில் அரசுக்கு அதிகாரம் உண்டு என்று அவர் நம்பினார். ஆகவே ஆண்டை மட்டும் எழுதினால் போதாது. பேசியவர் யார், அவரிடம் அல்லது அவருக்குப் பின்னால் என்ன அதிகாரம் இருந்தது, யாரைப் பார்த்துப் பேசினார் என்று மூன்றையும் எழுத வேண்டும். 1858 டிசம்பரில் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் இதே வசனத்தில் பிரசங்கித்தார். அவர் கையில் பொலிஸும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. கேட்பவர்களைக் கெஞ்சி அழைத்தார், அவ்வளவுதான். நம் ஊர்க் கூட்டங்களில் கேட்கும் வாசிப்பு இந்தப் பிந்திய வழியைச் சேர்ந்தது.

சான்று இல்லாத இடத்தில் வசனத்தை நடுவது

நம் ஊர் வரலாற்றை எழுதும்போது இந்த ஆசை அதிகம் வரும். 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டார்கள். அரசாங்க உத்தியோகம் பெற அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. இது வற்புறுத்தல்தான், சந்தேகமில்லை. ஆனால் "லூக்கா 14:23ஐப் பின்பற்றி" என்று எழுத வேண்டுமானால் அப்படிச் சொல்லும் ஒரு பிரசங்கமோ கடிதமோ சபைக் குறிப்போ கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பத்தி ஒல்லாந்தர் ஆட்சியைப் பற்றிய பத்தி. வசனத்தின் வாசிப்பு வரலாற்றில் அதற்கு இடமில்லை. மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்ததற்கும் இதே அளவுகோல்தான். அவர் இந்த வசனத்தைக் கேட்டுப் புறப்பட்டார் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். சான்று இல்லாமல் எழுதக்கூடாது.

வெளியே நின்று கேட்பவர்களை விட்டுவிடுவது

வாசித்தவர்களை மட்டும் அடுக்குகிறோம். வேலியோரத்தில் நின்றவர்கள் இந்த வசனத்தை எப்படிக் கேட்டார்கள் என்று கேட்பதில்லை. பெய்ல் கேட்டார். கிறிஸ்தவ ஊழியர்கள் சீனப் பேரரசனிடம் போய், எங்கள் தலைவர் வற்புறுத்திச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் என்றால், அவர்களை நாட்டைவிட்டுத் துரத்துவது அந்த அரசனுக்கு நியாயம்தானே என்று அவர் எழுதினார்.

கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே வீதியில் இருக்கிற நம் மாவட்டங்களில் இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வி இல்லை. 2004இல் பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று இலங்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த விவாத காலத்தில் ஒரு கூட்டத்தின் சுவரொட்டியில் இந்த வசனம் இருந்திருந்தால், பக்கத்து வீட்டு இந்துவோ முஸ்லிமோ அதை எப்படி வாசித்திருப்பார்? உங்கள் கட்டுரை 20ஆம், 21ஆம் நூற்றாண்டுகளைத் தொடுகிறதென்றால் பழைய சுவரொட்டிகளையும் கூட்ட அழைப்பிதழ்களையும் சேகரியுங்கள். அக்கம்பக்கத்து மூத்தவர்களிடம் போய் இந்த வரியை வாசித்துக் காட்டி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சொன்னவரின் பெயரை விட்டுவிடுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.