கோடைக் காய்கறிப் பாத்திக்கு மூடாக்கு: எதைப் போடுவது, எத்தனை அங்குலம் போடுவது?

மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி என்று கடலோரம் காய்கறி போடுகிறவர்களுக்குக் கோடையில் மூன்று தொல்லைகள் சேர்ந்தே வரும். மணல் கொதிக்கும், காற்று ஈரத்தை உறிஞ்சும், கிணற்றுத் தண்ணீர் உப்பு கரிக்கும். மண்ணை மூடினாற்போல் வைக்கோல், ஓலை என்று எதையாவது பரப்பும் மூடாக்கு மூன்றையும் ஓரளவு தணிக்கும். ஆனால் 'எவ்வளவு தடிமனாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது. பொருளைப் பார்த்து, தண்ணீர் விடும் முறையைப் பார்த்துத்தான் தடிமனை முடிவு செய்ய வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு வெண்டைப் பாத்தியை எடுத்துக்கொள்வோம். அகலம் 4 அடி, நீளம் 20 அடி. மூன்று வரிசை, செடிக்குச் செடி ஓரடி. பங்குனியில் செடிகள் நாலு இலை விட்டு நிற்கின்றன.

முதலில் வெயிலை அளந்து பாருங்கள்

சமையலுக்கு விற்கும் குச்சி வெப்பமானி போதும். மதியம் 2 மணிக்கு மேல், வெறும் மணலில் 2 அங்குல ஆழத்தில் செருகி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அதே நேரத்தில் மரநிழலில் உள்ள மண்ணிலும் பாருங்கள். சித்திரை வெயிலில் வெறும் மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். காய்கறி வேர்கள் 35 டிகிரிக்கு மேல் திணறத் தொடங்கும். ஈரம் இருந்தும் மதியத்தில் செடி துவண்டு நின்றால், தண்ணீர்க் குறை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். பல நேரம் வேர்ச் சூடுதான் காரணம். இந்த அளவைக் குறித்து வையுங்கள். மூடாக்கு போட்ட பிறகு அதே ஆழத்தில் எடுத்தால்தான் போட்டது போதுமா என்று தெரியும்.

எந்தப் பொருள்?

மூடாக்கு வேலை செய்வது அதற்குள் அடைபட்ட அசையாத காற்றால்தான். வெயில் மண்ணைத் தொடாது. மண்ணிலிருந்து எழும் ஆவியும் அந்தக் காற்றைக் கடந்து வெளியே போகத் தாமதமாகும். அதனால் இடைவெளி உள்ள பொருளைச் சற்றுத் தடிமனாகப் போட வேண்டும். நுண்ணிய பொருள் என்றால் மெல்லிசாகப் போட வேண்டும். நுண்ணிய பொருளைத் தடிமனாகப் போட்டால் அதுவே ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுவந்து வெயிலில் உலர்த்திவிடும்.

வைக்கோல் இங்கே முதல் தேர்வு. தை அறுவடை முடிந்ததும் கிடைக்கும். வெளிர்நிறம் என்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே காற்றும் நிற்கும். படிந்த பிறகு 3 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு, போடும்போது 5 அங்குலம் போட வேண்டும். சித்திரையில் வைக்கோல் விலை ஏறிவிடும், ஆடு மாடும் தேடி வரும். எனவே மாசியிலேயே வாங்கி வைப்பது நல்லது, வேலியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சவுக்கு இலைக்குப்பை கிடைத்தால் 2 முதல் 3 அங்குலம் போடலாம். பின்னிக்கொள்வதால் காற்றில் பறப்பது குறைவு. நிலக்கடலைத் தோல் ஒன்றரை முதல் 2 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் அடியில் இறுகிவிடும். தென்னை நார்க்கழிவு என்றால் 1 அங்குலம் மட்டும், அதுவும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசியதாக இருக்க வேண்டும். பச்சைக் கழிவில் உப்பு இருக்கும்.

பனையோலையை முழுசாக விரித்தால் தண்ணீர் அதன்மேல் வழிந்து பாத்திக்கு வெளியே போய்விடும். அரையடித் துண்டுகளாக நறுக்கி 3 அங்குலம் போடலாம். கரையில் ஒதுங்கும் கடற்புல்லையும் பாசியையும் கோடைப் பாத்தியில் போடாதீர்கள். உப்புத் தண்ணீர் பாயும் மணலில் மேலும் உப்பைக் கொட்டுகிற வேலை அது. மழைக்காலம் முழுக்கக் குவித்து வைத்து உப்பு கழுவப்பட்ட பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம். சீமைக் கருவேல இலையில் முள்ளும் காயும் கலந்திருந்தால் வேண்டாம். காய்கள் பாத்தியிலேயே முளைத்து நிற்கும்.

பிளாஸ்டிக் தாளைப் பலரும் கேட்பார்கள். ஆவியாதலை நன்றாகவே தடுக்கும். ஆனால் கருப்புத் தாள் மேற்பக்கம் இருந்தால் மண் குளிராது, சூடேறும். போட்டே ஆக வேண்டுமென்றால் வெள்ளிப் பக்கம் மேலே வர வேண்டும், அடியில் சொட்டுநீர்க் குழாய் ஓட வேண்டும், ஓரங்களை அரையடி ஆழத்தில் புதைக்க வேண்டும். கோடைச் சூட்டைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் வைக்கோலே மேல்.

பாத்தியைத் தயார் செய்தல்

மேட்டுப்பாத்தி களிமண்ணுக்கு ஏற்றது. கடலோர மணலில் பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து 3 அங்குலம் தாழ்வாக அமையுங்கள். ஈரம் பக்கவாட்டில் காயாது. வைக்கோலும் பள்ளத்துக்குள் அடங்கி உட்காரும்.

களையைப் பிடுங்கி, மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை தூவிக் கிளறிவிட்டு, தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டால் அந்தக் காய்ச்சலையும் அது காப்பாற்றும். அதன் மேல் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதி வைக்கோலிலேயே தங்கிவிடும். 80 சதுர அடி மணற்பாத்தியை ஓரடி ஆழம் நனைக்க ஏறத்தாழ 180 லிட்டர் தேவை. 15 லிட்டர்க் குடம் என்றால் 12 குடம். ஒரேயடியாக ஊற்றாமல் அரைமணி இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக விடுங்கள். பிறகு ஓரிடத்தில் கையால் தோண்டுங்கள். ஓரடி ஆழம் வரை ஈரமாக இருந்தால் சரி.

போடுவது

செடி ஒரு சாண் உயரம் வந்த பிறகுதான் போட வேண்டும். விதைத்த உடனே மூடினால் முளை வெளிச்சம் தேடி வெளிறிப்போய் நீளும்.

இந்தப் பாத்திக்கு 15 முதல் 20 கிலோ வைக்கோல் வேண்டும். கட்டு ஒவ்வொன்றும் எடையில் மாறும், தராசில் நிறுத்து வாங்குங்கள். உதறிப் பிரித்து, இரண்டு மடிப்பாகக் குறுக்கும் நெடுக்கும் போடுங்கள். வைக்கோல் எல்லாம் ஒரே திசையில் கிடந்தால் காற்று வாரிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் இரண்டு விரல் அகலம் வெறும் மண் தெரிய விடுங்கள்.

போட்டு முடித்ததும் ஒரு குடம் தண்ணீரைப் பரவலாகத் தெளியுங்கள். வைக்கோல் ஒட்டி உட்காரும். அதன் மேல் பிளந்த பனைமட்டையை 3 அடிக்கு ஒன்றாகக் குறுக்கே வையுங்கள். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மட்டையின் இரு முனையிலும் குச்சி அடித்துக் கயிற்றால் கட்டுவது நல்லது. கட்டாமல் விட்ட பாத்தியை மறுநாள் காலையில் பார்த்தால் வைக்கோல் முழுக்க வேலியோரம் ஒதுங்கிக் கிடக்கும்.

ஒரு வாரத்தில் படிந்துவிடும். அளவுகோலை மண்ணைத் தொடும் வரை செருகி அளக்கவும். 2 அங்குலத்துக்குக் கீழே போய், கையால் விலக்காமலே மண் தெரிந்தால் மேலே போடுங்கள். 4 அங்குலத்துக்கு மேல் போவதில் பயன் இல்லை. ஆவியாதல் அதற்கு மேல் பெரிதாகக் குறையாது, கேடுதான் கூடும். கோடை மழை 5 மில்லிமீட்டர் பெய்தால் அதில் பெரும்பகுதியைத் தடித்த வைக்கோல் உறிஞ்சிக்கொள்ளும், மண்ணுக்கு வந்து சேராது. பூவாளியால் லேசாக மேல் தெளிப்பவர்களுக்கும் இதே கதி. அப்படித் தெளிப்பவர்கள் 2 அங்குலத்தோடு நிறுத்துங்கள், அல்லது செடியின் தூரில் மட்டும் ஊற்றுங்கள். சொட்டுநீர் இருந்தால் குழாய் வைக்கோலுக்கு அடியில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை குழாயைத் தூக்கி, துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும். உப்புத் தண்ணீரில் அது அடிக்கடி நடக்கும்.

உப்புக் கணக்கு

இந்தக் கரையில் மூடாக்கின் பெரிய பயன் இதில்தான் இருக்கிறது. வெறும் மணலிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் மேலே தங்கும். வெண்டைச் செடியின் தூரில் வெள்ளை பூத்தாற்போல் தெரிவது அதுதான்.

கிணற்று நீரைப் பரிசோதித்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனான ஈ.சி. 2 என்று வந்தால், ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பொருள். நம் பாத்திக்குத் தினம் 40 லிட்டர் விட்டால், 30 நாளில் ஒன்றரைக் கிலோ உப்பை நாமே கொண்டுவந்து கொட்டுகிறோம். மூடாக்குக்குப் பின் 25 லிட்டர் போதும் என்று ஆனால் அது 1 கிலோவுக்குக் கீழே வரும். மேலே ஏறும் உப்பும் குறையும்.

ஆனால் உப்பு காணாமல் போவதில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் ஊற்றினால் வேர் நிற்கும் ஆழத்திலேயே சேர்ந்துவிடும். ஆகவே 10 நாளுக்கு ஒருமுறை வழக்கமான அளவின் இரண்டு மடங்கை ஒரே தடவையாக விட்டு, உப்பை வேருக்குக் கீழே தள்ளுங்கள். இலையோரம் கருகிச் சுருண்டால் இதைத் தள்ளிப்போட்டுவிட்டோம் என்று பொருள்.

தண்ணீரை எப்போது குறைப்பது?

மூடாக்கு போட்ட அன்றே பாதியாகக் குறைக்காதீர்கள். காலையில் வைக்கோலை விலக்கி, சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள். மணல் விரலில் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். உதிர்ந்தால் விடுங்கள். ஒரு வாரம் இப்படிப் பார்த்தாலே உங்கள் பாத்தியின் இடைவெளி பிடிபடும். இலை விரிந்து பாத்தியை மூடும் வரைதான் மண்ணிலிருந்து போகும் ஈரம் அதிகம், மூடாக்கின் லாபமும் அப்போதுதான் அதிகம். பிறகு செடியே குடிக்கும். ஆகவே வெண்டை காய்ப்புக்கு வந்ததும் தண்ணீர்த் தேவை ஏறுவதைப் பார்த்து, மூடாக்கு வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம்.

தவறு நடந்தால் தெரியும் அடையாளங்கள்

தண்டின் அடி பழுப்பாகி மெத்தென்று ஆனால் வைக்கோல் தண்டைத் தொடுகிறது. விலக்கி, இரண்டு நாள் காயவிடுங்கள். தண்டில் மண் பூச்சு ஏறினால் கரையான். வைக்கோலை நாலு விரல் தள்ளி, தூரைச் சுற்றி ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். காய்ந்து போன வைக்கோலைவிட அவ்வப்போது நனையும் வைக்கோலில் கரையான் தொல்லை குறைவு.

அடி இலைகள் மஞ்சளானால், வைக்கோலை மண்ணோடு கலந்து கிளறிவிட்டீர்களா என்று பாருங்கள். கலந்தால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே கிடந்தால் இந்தப் பிரச்சினை பெரிதாக வராது. கலந்திருந்தால் கடலைப் பிண்ணாக்கு ஊறலைப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்துத் தூரில் ஊற்றுங்கள்.

மதிய வெப்பமானி முன்பு இருந்ததைவிட இறங்கவே இல்லை என்றால் மூடாக்கு மெலிந்திருக்கிறது, அல்லது அடியில் ஈரம் இல்லை. முதலில் ஈரத்தைப் பாருங்கள், பிறகு வைக்கோலைச் சேருங்கள். பாத்தியருகே பீடி, சருகு எரிப்பு எதுவும் வேண்டாம். வைகாசி வைக்கோல் சட்டென்று பற்றும்.

ஐப்பசி மழை தொடங்குமுன் மிச்சமிருக்கும் மூடாக்கைப் பாத்தியின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அடைமழையில் அது நனைந்தபடியே கிடந்தால் தண்டழுகலும் நத்தையும் வரும். ஒதுக்கியது அங்கேயே மக்கட்டும். தை மாதம் அடுத்த பாத்திக்குத் தொழுவுரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.